வினைச்சொல் இல்லாத சூத்திரத்தைத் தமிழ் வாக்கியமாக விரிக்கையில் நேரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழியும்

"வாய்க்காலில் வாகனம் கழுவத் தடை. மீறினால் தண்டம்." கிளிநொச்சிப் பக்கத்து வாய்க்கால் கரையொன்றில் இப்படி எழுதிய பலகையைக் கண்டால், அதில் வினைமுற்று இல்லையே என்று எவரும் தடுமாறுவதில்லை. தடை விதிக்கப்பட்டுள்ளது என்றும், மீறுபவர் தண்டம் கட்ட வேண்டியிருக்கும் என்றும் வாசிப்பவர் தாமே நிரப்பிக்கொள்கிறார். அவ்வாறே ஒரு தாளின் தலைப்பில் "சிறுபோக நீர் விநியோகம்" என்றும், அதன் கீழே "திங்கள் – இடதுகரை, செவ்வாய் – வலதுகரை" என்றும் எழுதியிருந்தால், தலைப்பிலுள்ள நீர் ஒவ்வொரு வரிக்கும் இறங்கி வருகிறது என்பதை விவசாயி எவரும் அறிவார். சமஸ்கிருதச் சூத்திரங்கள் இயங்குவதும் இதே முறையில்தான். விடப்பட்ட சொல்லை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு அங்கே உறுதியான விதிகள் உண்டு. அவற்றைக் கைவிட்டு ஊகத்தால் நிரப்பும்போதுதான் பிழை நேர்கிறது.

உயர்தரத்தில் இந்து நாகரிகம் கற்கும் மாணவர்களுக்கும், அறநெறிப் பாடசாலைகளில் கற்பிக்கும் சில ஆசிரியர்களுக்கும் பதஞ்சலியின் யோகசூத்திரத்தை மாலை வகுப்பில் வரி வரியாக விளக்கிவருகிறேன். அவர்களுடைய கொப்பிகளில் திரும்பத் திரும்பக் காணும் பிழைகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். சூத்திரங்களைப் பதம் பிரித்துத் தந்திருக்கிறேன். நான் சேர்க்கும் சொற்களைச் சதுர அடைப்புக்குள் இடுகிறேன். இந்த அடைப்புப் பழக்கத்தை முதல் நாளிலேயே கைக்கொள்ளும்படி மாணவரிடம் கேட்டுக்கொள்வேன். எது மூலநூலின் சொல், எது நாம் இட்ட சொல் என்று பின்னர் பிரித்தறிய வேறு வழி இல்லை.

அறிகுறி: தமிழில் எழுதிய வரி சொற்களின் வரிசையாக நிற்கிறது, வாசித்தால் வாக்கியமாக ஒலிக்கவில்லை

யோகம் என்பது மனத்தின் இயக்கங்களை அடக்குவது என்று கூறும் 1.2 ஐ, அதாவது முதற்பாதத்தின் இரண்டாம் சூத்திரத்தை, "யோகம் சித்த விருத்தி நிரோதம்" என்று எழுதிவிட்டு மொழிபெயர்ப்பு முடிந்தது என்று கருதுவது மிகப் பரவலான பிழையாகும். தமிழிலும் "இவர் ஆசிரியர்" என்பதுபோலப் பெயர்ப் பயனிலை உண்டு. அதனால் வினை இல்லாத வரி நம் காதுக்குப் பெரிதும் உறுத்துவதில்லை. பிழை கண்ணில் படாமல் போவதற்கு இதுவே காரணம்.

இதைத் தீர்க்க முதலில் நினைவில் கொள்ள வேண்டியது, பாணினியின் இலக்கணத்துக்கு வார்த்திகம் எழுதிய காத்தியாயனர் கூறிய ஒரு விதியாகும். வாக்கியத்தில் வேறு வினை சொல்லப்படாதபோது, "அஸ்தி", அதாவது "உள்ளது" என்ற நிகழ்காலப் படர்க்கை வினை, உச்சரிக்கப்படாவிட்டாலும் அங்கே இருக்கிறது என்பது அவர் கூற்று. எனவே நிரப்ப வேண்டிய வினை இயல்பாகவே "உள்ளது, ஆகும், உண்டாகும்" என்ற வட்டத்துக்குள் அடங்கும். "செய்யுங்கள்", "அமருங்கள்" என்ற ஏவல் அந்த வட்டத்தில் இல்லை. "ஸ்திர-ஸுகம் ஆஸநம்" என்ற வரியை "நிலையாகவும் சுகமாகவும் அமருங்கள்" என்று எழுதுவோர் பலர். ஆனால் சூத்திரம் கட்டளையிடவில்லை, வரைவிலக்கணம் கூறுகிறது.

அந்த வட்டத்துக்குள் எந்த வினையைத் தெரிவது என்பதை வேற்றுமை உருபு காட்டும். இரண்டு சொற்கள் எழுவாய் வேற்றுமையில் அருகருகே நின்றால் "ஆகும்" அல்லது "எனப்படும்" பொருந்தும். ஒரே எழுவாயும், அதனுடன் "அதனால்" என்ற பொருள் தரும் சொல்லும் இருந்தால் "உண்டாகும்" பொருந்தும். ஏழாம் வேற்றுமைச் சொல் வந்தால் அது இடமா, நிபந்தனையா என்று கேட்க வேண்டும். "அஹிம்ஸா-ப்ரதிஷ்டாயாம் தத்-ஸந்நிதௌ வைர-த்யாக:" என்ற சூத்திரத்தில் ஏழாம் வேற்றுமை இருமுறை வருகிறது. முதலாவது நிபந்தனை: "அகிம்சை நிலைபெற்றால்". இரண்டாவது இடம்: "அவர் முன்னிலையில்". இரண்டையும் "இல்" என்ற உருபாலேயே பெயர்த்தால், "அகிம்சையின் நிலைபேற்றில் அவர் சந்நிதியில் பகைவிடல்" என்று எவருக்கும் விளங்காத வரி மிஞ்சும்.

அறிகுறி: வாக்கியம் சரியாக ஒலிக்கிறது, ஆனால் பொருள் அளவுக்கு மீறி விரிந்துவிடுகிறது

"நிலையானதும் சுகமானதும் ஆசனம் ஆகும்." இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆயினும் இதன்படி பார்த்தால், விறாந்தையில் கிடக்கும் சாய்மனைக் கதிரையில் உறங்குவதும் யோகாசனம் என்றாகிவிடும். எழுவாயும் பயனிலையும் இடம் மாறியதே காரணம். சொல் நின்ற வரிசையை அப்படியே பின்பற்றினால் இந்தப் பிழை தவறாமல் நேரும். சமஸ்கிருதத்தில் முதலில் நிற்கும் சொல் எழுவாயாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு சொற்களில் எது முன்னரே நூலில் பெயர் சொல்லப்பட்டது என்று பாருங்கள், அதுவே எழுவாய். புதிதாக வருவது பயனிலை. ஆசனம் என்ற பெயர், எட்டு அங்கங்களை அடுக்கும் 2.29 ஆம் சூத்திரத்திலேயே வந்துவிட்டது. ஆகவே 2.46 இல் கேள்வி "ஆசனம் எது?" என்பதே. விடை: "ஆசனம் [என்பது] நிலையாகவும் சுகமாகவும் [இருக்கும் இருப்பு ஆகும்]." இதே சோதனையை 1.13 இல் வைத்துப் பாருங்கள். "தத்ர ஸ்திதௌ யத்ந: அப்யாஸ:" என்பதில் அப்பியாசம் கடைசியில் நிற்கிறது, எனினும் முந்திய சூத்திரத்தில் பெயர் சொல்லப்பட்டுவிட்டதால் எழுவாய் அதுவே. "அவற்றுள் அப்பியாசம் [என்பது] நிலைபேற்றுக்கான முயற்சி [ஆகும்]" என்று எழுத வேண்டும். "நிலைபேற்றுக்கான முயற்சி அப்பியாசம்" என்று எழுதினால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் ஆசனச் சூத்திரத்தில் வந்து காலை வாரிவிடும்.

அறிகுறி: வரி முழுவதும் "-தல்", "-மை", "-அல்" என்று முடிகிறது, யார் செய்கிறார் என்று தெரியவில்லை

சூத்திரக்காரர் வினையைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அதைத் தொழிற்பெயராக்கி வரிக்குள்ளேயே வைத்திருக்கிறார். அதை மீண்டும் வினையாக்குவது நம் வேலை. 1.3 ஆம் சூத்திரம் "ததா த்ரஷ்டு: ஸ்வரூபே அவஸ்தாநம்" என்பது. ஒரு மாணவி இதைக் "காண்பவனின் தன்வடிவில் நிலைபெறல்" என்று எழுதிவிட்டு, "சேர், இந்த வரியில ஆள் ஒருத்தரும் இல்லையே, ஆர் நிலைபெறுறது?" என்று கேட்டார். கேட்டது சரியான கேள்வி. ஆள் அங்கேதான் இருக்கிறார். ஆறாம் வேற்றுமைக்குள் மறைந்திருக்கிறார். தொழிற்பெயரோடு ஆறாம் வேற்றுமைச் சொல் சேரும்போது அது பெரும்பாலும் அந்தத் தொழிலின் எழுவாயாகவோ செயப்படுபொருளாகவோ இருக்கும். நிலைபெறுதல் செயப்படுபொருள் குன்றிய வினை. அதற்குச் செயப்படுபொருள் இருக்க இடமில்லை. எனவே "காண்பவனின்" என்பது எழுவாய். "அப்போது காண்பவன் தன் இயல்பான வடிவில் நிலைபெறுகிறான்" என்று எழுதியதும் வரி உயிர்பெற்றுவிடுகிறது.

1.12 ஆம் சூத்திரத்தில் வரும் "தந்-நிரோத:" போன்ற தொகையில் நிலைமை வேறு. அடக்குதலுக்குச் செயப்படுபொருள் வேண்டும். ஆகவே "அவற்றின் அடக்கம்" என்பது "அவை அடக்குகின்றன" என்று ஆகாது, "அவை அடக்கப்படுகின்றன" என்றே ஆகும். "தத்" என்ற சுட்டு சித்தத்தைக் குறிக்கிறதா, விருத்திகளைக் குறிக்கிறதா என்ற ஐயமும் இங்கே எழும். யோகசூத்திரத்துக்குப் பாடியம் என்ற உரையை எழுதிய வியாசர், இந்தச் சூத்திரத்துக்கு முன்னுரையாக, "இனி இவற்றை அடக்க வழி யாது" என்று பெண்பால் பன்மைச் சுட்டால் கேட்கிறார். பெண்பால் பன்மை விருத்திகளுக்குப் பொருந்தும், சித்தத்துக்குப் பொருந்தாது. ஐயம் அத்துடன் தீர்ந்தது.

ஆறாம் வேற்றுமைகூட இல்லாத இடங்களும் உண்டு. மேலே கண்ட "வைர-த்யாக:" என்பதில் பகையை விடுபவர் யார் என்பதற்குச் சொல்லே இல்லை. இந்த இடத்தில் நாமாக நிரப்பாமல் பாடியத்தைத் திறக்க வேண்டும். வியாசர் "எல்லா உயிர்களுக்கும் உண்டாகிறது" என்று இரண்டே சொற்களில் எழுவாயையும் வினையையும் தருகிறார். ஆகவே, "அகிம்சை நிலைபெற்றால், அவர் முன்னிலையில் [எல்லா உயிர்களும்] பகையை விடுகின்றன." பல கொப்பிகளில் "அவர் பகையை விடுகிறார்" என்று இருந்தது. அகிம்சையில் நிலைபெற்றவர் இனித்தான் பகையை விட வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்திருந்தாலே பிழை தெரிந்திருக்கும்.

தமிழ் எழுத்தில் சமஸ்கிருதம் வாசிக்கும் நமக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1.3 இன் முதற்சொல்லை "ததா" என்று எழுதுகிறோம். "அப்போது" என்ற பொருளுடைய சொல்லும், "அவ்வாறே" என்ற பொருளுடைய சொல்லும் தமிழ் எழுத்தில் ஒரே உருவம்தான். சமஸ்கிருதத்தில் அவற்றின் நடு எழுத்து வேறு. வினைமுற்று இருந்தால் வாக்கியத்தின் போக்கு காட்டிக்கொடுத்துவிடும். வினை இல்லாத வரியில் "அவ்வாறே காண்பவன் நிலைபெறுகிறான்" என்ற பிழையும் சரிபோலவே தோன்றும். பழைய பதிப்புகளில் உள்ளபடி எண்ணிட்டு எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை: "அப்போது" என்பதற்கு ததா³, "அவ்வாறே" என்பதற்கு ததா². எண் இடாத பதிப்பை வைத்து விரிவாக்கம் செய்பவர், ஐயமான சொல்லை நாகரி எழுத்துப் பதிப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: சூத்திரம் முழுவதும் ஒரே சொல், எழுவாயும் இல்லை, வினையும் இல்லை

மாணவர் மிகவும் தடுமாறும் இடம் இதுவே. விரித்து முடித்தபின் மிகுந்த நிறைவைத் தரும் இடமும் இதுவே. 2.47 ஆம் சூத்திரம் "ப்ரயத்ந-ஶைதில்ய-அநந்த-ஸமாபத்திப்யாம்" என்ற ஒரே தொகைச்சொல். நான் முதன்முதலில் இதைக் கற்றபோது, அடுத்த வரியோடு சேர்த்து, "முயற்சித் தளர்வாலும் அனந்தத்தில் ஒன்றுவதாலும் இருமைகள் தாக்குவதில்லை" என்று எழுதி வைத்திருந்தேன். நெடுநாள் அது சரியென்றே நம்பினேன். அது எப்படித் தவறு என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் சொல்லின் கடைசி உருபைப் பாருங்கள். "-ப்யாம்" என்பது இரண்டைக் குறிக்கும் இருமை எண்ணில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் வேற்றுமைகளுக்குப் பொதுவான உருபு. "தளர்வுக்காக" என்ற நான்காம் வேற்றுமைப் பொருள் இங்கே இயையாது. எஞ்சிய இரண்டும் தமிழில் "ஆல்" என்றே வரக்கூடியவை. எனவே நம் கையில் இருப்பது, "முயற்சியைத் தளர்த்துவதால், அனந்தத்தில் மனம் ஒன்றுவதால்" என்ற இரண்டு காரணங்கள் மட்டுமே. காரணம் இருக்கிறது, காரியம் இல்லை.

அடுத்து, காரியத்தை மேலிருந்து எடுப்பதா, கீழிருந்து எடுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். கீழே உள்ள 2.48, "தத: த்வந்த்வ-அநபிகாத:" என்பது. "தத:" என்றால் "அதனால்". அந்த வரி தன் காரணத்தைத் தானே சுட்டிக்கொண்டுவிட்டது. அதற்கு இன்னொரு காரணம் தேவையில்லை. அந்த ஒரு சொல், 2.47 கீழே ஒழுகிவிடாமல் வரம்புபோல் மறித்து நிற்கிறது. நான் கவனிக்காமல் தாண்டிய வரம்பு அதுதான்.

ஆகவே மேலே போக வேண்டும். மேலே 2.46 இல் எழுவாயாக இருந்தது ஆசனம். நீர் விநியோகத் தாளின் தலைப்பு கீழ்வரிகளுக்கு இறங்குவதுபோல அந்தச் சொல் இறங்குகிறது. இதற்கு அனுவிருத்தி என்று பெயர். இறக்கும்போது தேவையான சொல்லை மட்டுமே இறக்க வேண்டும். "நிலையாகவும் சுகமாகவும்" என்ற பயனிலையையும் சேர்த்து இறக்கினால், காரணம் கூறும் வரி மீண்டும் ஒரு வரைவிலக்கணமாகிவிடும்.

இனி வினை. வியாசர் இந்தச் சூத்திரத்தின் உரையை "பவதி இதி வாக்யஶேஷ:" என்ற சொற்களோடு தொடங்குகிறார். "உண்டாகிறது என்பது வாக்கியத்தில் எஞ்சிய பகுதி" என்பது அதன் பொருள். வாக்கியசேஷம் என்பது சொல்லாமல் விடப்பட்டு, வாசிப்பவரால் நிறைவாக்கப்பட வேண்டிய பகுதியைக் குறிக்கும் கலைச்சொல். அடுத்த வாக்கியத்திலேயே அவர் அதை விரித்து, முயற்சி ஓய்வதால் ஆசனம் சித்திக்கிறது, அதனால் உடல் நடுக்கம் ஏற்படுவதில்லை என்கிறார். ஆகவே நம் வரி: "முயற்சியைத் தளர்த்துவதாலும் அனந்தத்தில் மனம் ஒன்றுவதாலும் [ஆசனம் சித்திக்கிறது]." அடைப்புக்குள் இருப்பவை இரண்டே சொற்கள், அவை இரண்டுக்கும் இடம் காட்டலாம். ஒன்று 2.46 இலிருந்து வந்தது, மற்றது பாடியத்திலிருந்து வந்தது.

2.46 ஐயும் 2.47 ஐயும் ஒரே வாக்கியமாக இணைத்து வாசிப்போரும் உண்டு. பொருள் ஏறத்தாழ அதேதான் வரும் என்பதால் அதை முற்றாகத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அப்படி இணைத்தால், ஆசனத்துக்கான வழி அதன் இலக்கணத்தின் உறுப்பாகிவிடுகிறது. இலக்கணம் வேறு, வழி வேறு என்று பிரித்து வைத்திருக்கும் வியாசரின் பகுப்பே தெளிவானது என்பது என் கருத்து.

"அனந்தம்" என்ற சொல்லை என்ன செய்வது? "முடிவற்றது" என்றும் பெயர்க்கலாம். பாம்பரசன் அனந்தன் என்றும் பெயர்க்கலாம். பாடியத்துக்கு உரை எழுதிய வாசஸ்பதி மிசிரர், ஆயிரம் படங்களால் பூமியை அசையாமல் தாங்கும் நாகராசன் என்றே கொள்கிறார். புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்கலிடும் ஊர்களிலிருந்து வரும் என் மாணவர்களுக்கு இந்தப் பொருள் உடனே மனத்தில் ஒட்டிக்கொள்கிறது; அசையாமல் சுமப்பவனை நினைத்து அசையாமல் இருப்பது என்ற இயைபும் அழகானது. ஆயினும் "ஆனந்த்ய", அதாவது "முடிவின்மை" என்ற பாடபேதமும் உண்டு. எனவே வாக்கியத்தில் "அனந்தம்" என்ற சொல்லையே வைத்துவிட்டு, இரண்டு பொருளையும் கீழே குறிப்பாக எழுதச் சொல்கிறேன். விடப்பட்ட சொல்லை நிரப்புவதற்குத்தான் நமக்கு உரிமை உண்டு. இருக்கும் சொல்லின் இரு பொருள்களில் ஒன்றை வாசகரிடமிருந்து மறைப்பதற்கு உரிமை இல்லை.

அறிகுறி: "இரண்டாலுமா, இரண்டில் ஒன்றாலா" என்று வாசகர் கேட்கிறார்

தமிழில் ஒருமையும் பன்மையும் மட்டுமே உண்டு, இருமை இல்லை. அதனால் "-ப்யாம்" வரும் இடமெல்லாம் "இரண்டாலும்" என்று எழுதிவிடுகிறோம். 1.12 இல் "அப்யாஸ-வைராக்யாப்யாம்" என்ற இடத்தில் அது மிகச் சரி. விருத்திகளின் அடக்கம் இரண்டையும் சார்ந்தது என்று வியாசர் அங்கே வெளிப்படையாகவே சொல்கிறார். அப்பியாசம் மட்டும் இருந்து வைராக்கியம் இல்லாவிட்டால் போதாது.

2.47 இலும் அதே உருபுதான். ஆனால் அங்கே வியாசர் முதற்காரணத்தை ஒரு முழு வாக்கியமாக முடித்துவிட்டு, "அல்லது அனந்தத்தில் ஒன்றிய சித்தம் ஆசனத்தை நிறைவேற்றுகிறது" என்று, "வா" என்ற இடைச்சொல்லோடு இரண்டாவதைத் தொடங்குகிறார். உருபு இரண்டு காரணங்கள் உண்டு என்று மட்டுமே சொல்கிறது. அவை சேர்ந்து வேலை செய்கின்றனவா, தனித்தனியே வேலை செய்கின்றனவா என்று சொல்வதில்லை. எனவே, மேலே "தளர்த்துவதாலும் ஒன்றுவதாலும்" என்று எழுதிய வரியில் இன்னும் ஒரு திருத்தம் தேவை. "உம்" இரண்டையும் எடுத்துவிட்டு "அல்லது" என்பதை அடைப்புக்குள் இட வேண்டும். அடைப்பு இங்கே முக்கியம். அந்த "அல்லது" பதஞ்சலியின் சொல் அன்று, வியாசரின் சொல். வேறோர் உரையை ஏற்பவர் அதை எடுத்துவிட்டு வாசிக்க இடம் இருக்க வேண்டும்.

இவ்வளவும் திருத்திய பின், மூன்று சூத்திரங்களும் மாணவர் கொப்பியில் இப்படி நிற்கின்றன:

2.46. ஆசனம் [என்பது] நிலையாகவும் சுகமாகவும் [இருக்கும் இருப்பு ஆகும்].

2.47. முயற்சியைத் தளர்த்துவதால் [அல்லது] அனந்தத்தில் மனம் ஒன்றுவதால் [ஆசனம் சித்திக்கிறது].

2.48. அதனால் [குளிர், வெப்பம் முதலிய] இருமைகள் [யோகியைத்] தாக்குவதில்லை.

மூன்றாவது வரியின் முதல் அடைப்பு பாடியத்தில் உள்ளது. "யோகியை" என்பது நான் இட்டது. தொழிற்பெயரை வினையாக்கியபோது செயப்படுபொருள் தேவைப்பட்டது, அதற்கு மேல் ஆதாரம் இல்லை. அந்தச் சொல்லை மட்டும் பென்சிலால் எழுதும்படி மாணவரிடம் சொல்லியிருக்கிறேன்.